பொருள்: ‘மார்பு உள்ளிழுப்பு’க்கு வேறு சொல் உண்டா?

மலர்விழி:
செவிலியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைக்குழந்தைக்கு வரும் பிராங்கியோலைட்டிஸ் பாடத்தில் ஒரு சொல் இடிக்கிறது. மூச்சு வாங்கும்போது விலா இடுக்கிலும் விலாவுக்குக் கீழும் சதை உள்ளே போகிறதே, அதை ‘மார்பு உள்ளிழுப்பு’ என்று எழுதியிருந்தேன். “எல்லாக் குழந்தையும் மூச்சை உள்ளிழுக்கத்தானே செய்யும்?” என்று ஒரு மாணவி கேட்டுவிட்டார்.

சண்முகம்:
‘நெஞ்சிழுப்பு’ போதும். பாட்டிக்கும் புரியும்.

டாக்டர் கபிலன்:
புரியும், ஆனால் வேறாகப் புரியும். இழுப்பு என்றால் சிலருக்கு வீசிங், சிலருக்கு வலிப்பு. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் ‘இழுப்பு’ என்றால் நான் எதை நினைப்பது?

புலவர் அரங்கசாமி:
சரி→சரிவு, நெளி→நெளிவு போல, குழி→குழிவு. ஆகவே ‘விலாக்குழிவு’. நாலடியாரிலேயே ‘குழிந்தாழ்ந்த கண்’ உண்டு.

சண்முகம்:
ஐயா, அது மண்டையோட்டின் கண்! பச்சைக் குழந்தைப் பாடத்துக்கா? போகட்டும், படிவத்தில் ‘குழிவில்லை’ என்று எழுதினால் இயற்பியல் வாத்தியார் லென்ஸைத் தேடுவார்.

ஜெயந்தி:
என் பேரன் போன மாதம் நாய் குரைப்பது போல இருமினான். தொண்டைக்குழி பள்ளமாகப் போனது. அதுவும் இதுதானா?

டாக்டர் கபிலன்:
குழிவு ஒன்றுதான் அம்மா, நோய் வேறு. அது குரூப், வீக்கம் குரல்வளைப் பக்கம். அழாமல் இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் கரகரவென்று சத்தம் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். கரண்டி வைத்துத் தொண்டையைப் பார்க்காதீர்கள். அழ வைத்தால் அடைப்பு கூடும்.

மலர்விழி கேட்பதில் சளி அடைப்பது நுரையீரலின் நுண்குழல்களில். சளி பிடித்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் மோசமாகும். நான்கு மாதக் குழந்தை ஒன்று, மூன்றாம் நாள் வந்தது. சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினோம்: 64. அந்த வயதில் 50 தொட்டாலே வேகம். வழக்கமாக 120 மில்லி குடிக்கும் பிள்ளை, 50-லேயே களைத்துவிட்டது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொல்லலாம். ஆனால் பாதிக்கும் கீழே போனதால் உள்ளே சேர்த்தோம். முனகல், மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலம் என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது.

ஒன்றை மட்டும் எழுதிவிடுங்கள். களைத்துப்போன பிள்ளைக்குக் குழிவு குறையும். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அது தேறுவது அல்ல.

மலர்விழி:
அப்படியானால் ‘குழிவில்லை’ என்ற கட்டமே ஆபத்து. எடுத்துவிடுகிறேன். தலைப்பில் ‘விலாக்குழிவு’, பக்கத்திலேயே ‘விலா இடுக்கில் சதை உள்ளே போவது’.

புலவர் அரங்கசாமி:
‘சதை’யா, ‘தசை’யா என்பது தனி விவாதம். நாளை எழுதுகிறேன்.

சண்முகம்:
அச்சில் எது வந்தாலும் எங்கள் ஊரில் நெஞ்சிழுப்புதான்.