ஒரே அறைக்குள் "தொலை" எதற்கு? கைப்பேசி ரிமோட்டுக்கு ஒரு சொல்

வள்ளி, கானாடுகாத்தான்

அனைவருக்கும் வணக்கம். கொட்டான் முடையும் பெண்கள் தங்கள் வேலையைத் தாங்களே படம் காட்டிப் பேசுவதற்காக ஒரு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பட்டாலை நீளமானது. புரொஜெக்டரும் லேப்டாப்பும் நடுவில் இருக்கும், பேசுகிறவர் திரைக்குப் பக்கத்தில் நிற்பார். முன்பெல்லாம் ஒரு பையனை லேப்டாப் பக்கத்தில் உட்காரவைத்து "அடுத்தது, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இப்போது கேடிஇ கனெக்ட் செயலியைப் போட்டு, கையில் இருக்கும் போனாலேயே ஸ்லைடை மாற்றுகிறோம், வீடியோவை நிறுத்துகிறோம், சத்தத்தைக் கூட்டுகிறோம். அந்த நேரத்தில் போன் என்னவாகிறது? தமிழில் அதற்கு என்ன பெயர்? தொலைக்கட்டுப்பாடு என்று போட்டால், முப்பதடியில் கண்முன் இருக்கிற கணினிக்குத் "தொலை" எதற்கு என்று முதல் வரிசையிலேயே கேட்பார்கள்.

இன்னொன்று. போன சனிக்கிழமை ஓலை கிழிக்கும் வீடியோ ஓடும்போது சத்தம் போதவில்லை என்று போனின் வால்யூம் பட்டனை அழுத்தினேன். சத்தம் கூடவில்லை, ஸ்லைடு மாறி வீடியோவே போய்விட்டது. வீடியோ அந்த ஸ்லைடுக்குள்ளேயே பதித்தது. இதையும் கையேட்டில் எப்படிச் சொல்வது?

சாத்தையா, தேவகோட்டை

அம்மா, புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். தொலையியக்கி என்பது வழக்கில் இருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட்டையும் கட்டிலில் படுத்தபடி எட்டடியிலிருந்துதான் அழுத்துகிறோம். தொலை என்பது இங்கே அடிக்கணக்கில்லை, தொடாமல் செய்வது என்று பொருள். ஸ்லைடு என்பதையும் "பட வில்லை" என்று எழுதலாம். முப்பத்திரண்டு ஆண்டு தமிழாசிரியனாக இருந்தவன் சொல்கிறேன்.

மெய்யப்பன், சிங்கப்பூர்

இதே தேவை எனக்கும். அப்பச்சி காரைக்குடியில் கணினியை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை "எழுத்தெல்லாம் சின்னதாயிருச்சு" என்று கூப்பிடுகிறார். இந்தச் செயலியைப் போட்டால் இங்கிருந்தே என் போனில் அவர் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாமா? தொலையியக்கி சரியான சொல்தான், எனக்கு அப்படியே பொருந்துகிறது.

கவிதா, புதுக்கோட்டை

மெய்யப்பன் அண்ணே, உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது என்பதுதான் அந்தச் சொல்லின் சிக்கல். நீங்கள் கேட்பது அப்பச்சியின் திரையே கடல் தாண்டி உங்களிடம் வருவது. அது வேறு வகை மென்பொருள். வள்ளி கேட்பதில் திரை எங்கும் போவதில்லை. படமும் பாட்டும் கணினியிலேயே இருக்க, போனிலிருந்து "அடுத்தது", "நிறுத்து" என்ற சின்னச் சொல் மட்டும் போகிறது. அதுவும் ஒரே வைஃபைக்குள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நீங்கள் இப்போது குழம்பியதுபோல் எல்லோரும் குழம்புவார்கள்.

> தொலையியக்கி என்பது வழக்கில் இருக்கிறது

ஐயா, கணினித் தமிழில் "இயக்கி" ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. பிரிண்டர் வாங்கினால் அதற்குப் போடும் டிரைவரைத்தான் இயக்கி என்கிறோம். தொலையியக்கி என்று படித்தால், எதையோ பதிவிறக்கி நிறுவ வேண்டும் என்று நினைப்பார்கள்.

பெயருக்கு முன் வள்ளியின் சனிக்கிழமையைப் பார்த்துவிடலாம். அந்தப் போனில் ஒரே செயலிக்குள் மூன்று திரைகள், மூன்றும் கணினியில் வேறு வேறு ஆளிடம் பேசுகின்றன.

ஸ்லைடு திரையில் இருக்கும்போது போன் சொல்வதைக் கேட்டு, கணினி தன் விசைப்பலகையில் பேஜ் டவுன் விசையை யாரோ அழுத்தியதுபோல் நடந்துகொள்கிறது. குனிந்து பார்க்காமலே பக்கம் மாற்ற வசதியாக, அந்தத் திரையில் போனின் வால்யூம் பட்டன்கள் இரண்டும் முன்னே, பின்னே என்று ஆகிவிடும். வள்ளி சத்தம் என்று நினைத்து அழுத்தியது பக்கம் மாற்றும் பட்டனை. பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

விசை அழுத்தியதுபோல் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. எந்தச் சன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்குத்தான் அந்த அழுத்தம் போகும். வீடியோவைத் தனியாக விஎல்சி பிளேயரில் காட்டிவிட்டு அதை மூடாமல் "அடுத்தது" அழுத்திப் பாருங்கள். ஸ்லைடு அசையாது, போன் மட்டும் அனுப்பிவிட்டேன் என்பதுபோல் இருக்கும். இணைப்பு போய்விட்டது என்று எல்லோரும் வைஃபையைத்தான் திட்டுவார்கள். கணினியில் ஆல்ட்-டேப் போட்டு ஸ்லைடை முன்னுக்குக் கொண்டுவந்தால் சரி.

பாட்டு-வீடியோ திரை அப்படியில்லை. லினக்ஸில் அது எம்பிரிஸ் என்ற ஏற்பாட்டின் வழியாகப் பிளேயரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. விஎல்சி முன்னால் இருந்தாலும் ஒளிந்திருந்தாலும் கேட்கும். அங்கே வால்யூம் பட்டன் உண்மையிலேயே சத்தம்தான். ஆனால் அந்தப் பிளேயரின் சத்தம் மட்டும். கணினியின் மொத்தச் சத்தத்துக்கு மூன்றாவதாக ஒரு திரை இருக்கிறது.

வள்ளி

அப்பாடி, என் போன் கெட்டுவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் விஎல்சியில்தான் போட்டேன். பாட்டுத் திரையில் கோட்டைக் கடைசிவரை தள்ளியும் பின்வரிசைக்குக் கேட்கவில்லையே?

அமீர், காரைக்குடி

நான் கல்யாண வீடுகளுக்கு மைக்செட், புரொஜெக்டர் விடுகிறவன். சொல் விஷயத்தில் பெரியவர்கள் பேசுங்கள், சத்தத்தை நான் சொல்கிறேன்.

ஆச்சி, சத்தம் மூன்று மடை தாண்டி வருகிறது: முதலில் பிளேயர், அடுத்தது கணினி, அப்புறம் ஆம்ப்ளிஃபயர். மேல் மடையை முழுசாகத் திறந்தாலும் நடுமடை முக்கால்வாசி மூடியிருந்தால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. நீங்கள் திறந்தது மேல் மடையை. போனில் பாட்டுத் திரையில் சத்தத்தை மாற்றிவிட்டு லேப்டாப்பின் டெர்மினலில் இதை அடித்துப் பாருங்கள்:

```
pactl get-sink-volume @DEFAULT_SINK@
```

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே எண் வந்தால் கணினியின் மடை அசையவே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

என் பழக்கம் இது. கூட்டம் வருவதற்கு முன்பே கணினியை எண்பதுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். பிளேயரை நூறில் வைத்து, ஆம்ப்பில் பின்வரிசைக்குக் கேட்கும் அளவு வைத்து, ஆம்ப்பை அதற்கப்புறம் யாரையும் தொடவிடமாட்டேன். போனில் இருப்பவர் ஒரே ஒரு மடையைத்தான் தொட வேண்டும். கணினியைக் குறைவாக வைத்து ஆம்ப்பைத் தூக்கினால் பேச்சு இல்லாத நேரத்தில் "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல் கேட்கும், அதுவே அடையாளம்.

கையேட்டில் இதையும் சேர்க்கச் சொல்வேன். விருந்தினர் தங்கும் வீடுகளில் போனிலும் லேப்டாப்பிலும் நெட் வரும், ஆனால் ஒன்று மற்றதைப் பட்டியலில் காட்டவே காட்டாது. வந்து போகிறவர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி அந்த வைஃபையில் தடுத்து வைத்திருப்பார்கள். அதில் மல்லுக்கட்ட வேண்டாம். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்துவிடுங்கள். மொபைல் டேட்டா தீர்ந்திருந்தாலும் கவலையில்லை, ஸ்லைடு மாற்ற நெட் தேவையில்லை.

சாத்தையா

அமீர் தம்பி மடை என்றதும் எனக்கு வழி பிறந்தது. மடையைத் திறக்க ஆளை ஏவுகிறோம் அல்லவா? ஏவு என்ற வினை இருக்கிறதே. குறள் 848-இல் "ஏவவும் செய்கலான்" என்று வருகிறது. சொல்லியும் செய்யாதவன். விஎல்சி முன்னால் நிற்க ஸ்லைடு அசையாமல் இருந்ததே, அவனேதான். கருவிக்கு "ஏவி" என்று வைக்கலாம். தொலையை விட்டுவிட்டேன், ஆனால் தொலையில் தவறில்லை என்ற கருத்தை விடவில்லை.

கவிதா

ஏவி எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. போகிறது கட்டளை மட்டும், சரக்கு போவதில்லை என்பதை அது சரியாகச் சொல்கிறது. திரையில் எழுத வினையும் கிடைக்கிறது. ஒரு தயக்கம், ஏவுதல் என்றதும் இளைஞர்களுக்கு ஏவுகணைதான் நினைவு வரும்.

வள்ளி

இளைஞர்களுக்கு ஏவுகணை. எங்கள் ஆயாவுக்கு வேறு. "ஏவி, ஏவல்" என்று நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்ததும் உள்கட்டிலிருந்து எழுந்து வந்து, "அந்திநேரத்தில் வீட்டில் பில்லி சூனியப் பேச்சு என்ன?" என்று கேட்டுவிட்டார். கொட்டான் முடைகிறவர்களில் பாதிப்பேர் அவர் வயது.

நானும் ஒன்று யோசித்தேன்: நீள்கை. என் கை நீண்டு பட்டாலையின் நடுவரை போகிறதுபோல.

மெய்யப்பன்

நீள்கை அழகு. எனக்கு என்றால் கை சிங்கப்பூரிலிருந்து நீள வேண்டும். சரி, என் கேள்விக்குத் தனி மடல் போடுகிறேன்.

கவிதா

வள்ளி, நீள்கை பெயராக நன்றாயிருக்கிறது, வினை வராது. "நீள்கையை இணை" என்று எழுதலாம், "நீள்கை செய்" என்று எழுத முடியாது. செயலியை மொழிபெயர்க்கிறவர்களுக்குப் பட்டனில் போட வினை வேண்டும்.

வேலண்ட் என்ற திரை ஏற்பாடு உள்ள புதிய லினக்ஸில் போன் விசை அழுத்தப் போகும்போது கணினி அனுமதி கேட்கும். அந்த வசதிக்கு உள்ளே வைத்திருக்கும் பெயரே ரிமோட் டெஸ்க்டாப்தான். மெய்யப்பன் அண்ணன் குழம்பியதில் தப்பில்லை, மூலத்திலேயே இரண்டும் கலந்து கிடக்கிறது.

அமீர்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். "ஒரே அறை" என்று எல்லோரும் சொல்கிறீர்கள், கருவிக்கு அறை தெரியாது. டிவி ரிமோட்டை டிவிக்கு நேரே நீட்ட வேண்டும், இதை நீட்ட வேண்டியதில்லை. ஒரு மணிவிழாவில் திரையில் ஸ்லைடு தானாகப் பின்னால் போனது. பார்த்தால் வீட்டின் அடுத்த கட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் உதவியாளர், முந்தின நாள் இணைத்த போனில் ஸ்லைடு திரையைத் திறந்து வைத்து வால்யூமை அழுத்திக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, சுண்ணாம்புச் சுவர் தடிமனான வீடுகளில் இரண்டு கட்டு தாண்டினால் வைஃபையே தேயும். ஆனால் அதை நம்ப முடியாது. நிகழ்ச்சி முடிந்ததும் இணைப்பை நீக்குங்கள் என்று கையேட்டில் போடுங்கள். அறையைப் பெயரில் வைக்காதீர்கள், பொய்யாகிவிடும்.

சாத்தையா

அப்படியென்றால் தொலை என்று நான் சொன்னது முழுத் தவறில்லையே!

கவிதா

முழுத் தவறென்று யாரும் சொல்லவில்லை ஐயா. :-)

வள்ளி

அச்சுக்கு வியாழக்கிழமை போகிறது. அதனால் தலைப்பில் "கைப்பேசி ரிமோட்" என்றே போடுகிறேன், ஆயா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே மூன்று திரைக்கும் மூன்று தலைப்பு: "பக்கம் புரட்டு", "வீடியோ", "கணினியின் சத்தம்". முதலாவதன் கீழே தடித்த எழுத்தில், "இந்தத் திரையில் வால்யூம் பட்டன் சத்தத்தைக் கூட்டாது" என்ற வரி. அமீர் அண்ணனின் மடையைப் படமாகவே வரைந்துவிட்டேன்.

ஏவியா நீள்கையா என்பது அடுத்த பதிப்புக்குள் முடிவானால் மாற்றிக்கொள்கிறேன்.

சாத்தையா

"புரட்டு" வேண்டாம் அம்மா. மோசடி என்றும் பொருள் உண்டு. "திருப்பு" என்று போடுங்கள்.