29 பைசா ஸ்க்ரூ 28 பைசா ஆனது: விலைக் கணக்கில் நீங்கள் சந்தித்த பைசாப் பிழைகள்

மண்ணடி நிரலர்

மண்ணடியில் உள்ள ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருளில், ஏழு ஆண்டுகளாக விலைகள் எல்லாம் ரூபாயிலும் தசமப் புள்ளியோடும் டபுள் வகை எண்களாகவே இருந்தன. அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. கடனுக்கு வாங்கும் ஒரு மேஸ்திரி, 1.10 ரூபாய் வாஷர் மூன்று வாங்கி, பிறகு 3.30 ரூபாயைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்த பின்னும், அவர் பெயர் பாக்கிப் பட்டியலை விட்டு நீங்கவில்லை. பெயருக்கு எதிரே பாக்கி 0.00 என்று நின்றது. "சைபர் ரூபாய் பாக்கியை நான் எப்படித் தம்பி வசூலிக்கிறது?" என்று கடைக்காரர் கேட்டபோதுதான் உள்ளே பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் முடிவில்லாமல் நீள்வதுபோல, 1.10 என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் நீள்கிறது. கணினி அதை ஓரிடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது. அதனால் மூன்று வாஷரின் விலை 3.3000000000000003 ஆகி, 3.30-ஐக் கழித்த பிறகும் சைபரை விடப் பெரிய ஒரு துணுக்கு மிஞ்சியது.

இனி எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாகவே வைப்பது என்று முடிவு செய்தேன். முடிவு சரிதான், மாற்றிய விதம்தான் தவறு. பழைய விலை ஒவ்வொன்றையும் நூறால் பெருக்கி `int` போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் வேலையை முடித்துவிட்டு, இருபது பொருள்களின் விலையைச் சரிபார்த்து நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள், 290 ரூபாய்க்குப் போக வேண்டிய ஆயிரம் ஸ்க்ரூ பெட்டி 280 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருப்பதைக் கடைப் பையன்தான் கண்டுபிடித்தான்.

```
>>> 0.29 * 100
28.999999999999996
>>> int(0.29 * 100)
28
>>> round(0.29 * 100)
29
```

`int` கிட்டத்தட்ட 29 என்று பார்ப்பதில்லை, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே வெட்டி எறிகிறது. ஒரு ரூபாய்க்குக் குறைந்த விலைகளில் இப்படி ஒரு பைசா குறைவது 29, 57, 58 ஆகிய மூன்றுக்கு மட்டுமே என்பதால், நான் பார்த்த இருபதிலும் எதுவும் சிக்கவில்லை. பழைய அட்டவணையை அழிக்காமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். இரண்டாம் முறை விலையை எழுத்தாகவே படித்து, புள்ளிக்கு இடப்புறத்தை ரூபாயாகவும் வலப்புறத்தைப் பைசாவாகவும் பிரித்துச் சேர்த்தேன், பிறகு புதிய முழு எண்ணை மறுபடி "0.29" என்ற எழுத்தாக்கி, பழைய எழுத்தோடு பொருள் விடாமல் ஒப்பிட்டேன். மூன்று நாள் நட்டத்தில் பாதியைக் கடைக்காரர் என் கூலியில் பிடித்துக்கொண்டார். அது நியாயமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை

எங்கள் தெருக் கடையிலும் இதே அநியாயம்தான் ஐயா. 49.50 பில்லுக்கு 50 ரூபாயை வாங்கிக்கொண்டு, சில்லறை இல்லை என்று ஒரு மிட்டாயைக் கையில் திணிக்கிறார்கள். கணினி வந்தும் இது மாறவில்லை.

மண்ணடி நிரலர்

அது வேறு, ஐயா. அங்கே ஐம்பது பைசா எங்கே போனது என்று உங்களுக்கும் கடைக்காரருக்கும் தெரியும். நான் சொல்வது யாருக்கும் தெரியாமல் போகும் பைசா.

வேளச்சேரி டெவலப்பர்

இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து. டபுளில் பதினைந்து இலக்கம் வரை சரியாக நிற்கும். ஒரு கடையின் வருட வியாபாரம் முழுவதையும் கூட்டினாலும் பிழை ஒரு பைசாவை எட்டாது. திரையில் காட்டும்போது இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கிண்டி கணக்கர்

தம்பி சொன்னதில் முற்பாதி உண்மை. டபுளில் வெறுமனே கூட்டிக்கொண்டு போனால் ஒரு கடைக்கு ரூபாய்க் கணக்கில் பிழை வராது. ஆனால் மேஸ்திரியின் பாக்கியும் திரையில் 0.00 என்றுதானே காட்டியது? சுருக்கியது திரை, சைபரா என்று ஒப்பிட்டது உள்ளே இருந்த எண். அதோடு, நிரலில் இருப்பது டபுள்தானா என்பதையும் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனின் கணக்கை நான் பார்த்து வந்தேன். சாப்பாடு 45 ரூபாய். ஐந்து சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே அடக்கம் என்பதால், வரிக்கு முந்தைய மதிப்பு 42.86. அந்த மென்பொருளை எழுதியவர் மாத மொத்தத்தை 32 பிட் `float`-இல் வைத்திருந்தார். மாதத்தின் முதல் பாதியில் எண்ணிக்கையும் தொகையும் இரண்டு மூன்று ரூபாய் வித்தியாசத்தில் ஒத்துப்போகும். ஆறாயிரம் சாப்பாட்டைத் தாண்டிய பிறகு தொகை மட்டும் கூடிக்கொண்டே போகும். முதலில் நான் கல்லாவில் இருந்த பெண்ணைத்தான் சந்தேகப்பட்டேன், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்த வகை எண்ணுக்கு 24 பிட் துல்லியம்தான் உண்டு. மொத்தம் 2,62,144-ஐத் தாண்டியதும் அதனால் ரூபாயில் 32-இல் ஒரு பங்கு, அதாவது மூன்று பைசாவுக்குச் சற்று மேலான படிகளில் மட்டுமே ஏற முடியும். 42.86 என்ற படி அங்கே இல்லை என்பதால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 42.875 ஏறியது. சாப்பாட்டுக்கு ஒன்றரைப் பைசா என்றால், மாதக் கடைசிக்குள் விற்ற நாலாயிரம் சாப்பாட்டுக்கு 60 ரூபாய். அடுத்த மாதம் முதல் தேதியில் மொத்தம் சைபராகிவிடுவதால் பிழையும் காணாமல் போய், இருபது தேதிவாக்கில் மறுபடி தலைகாட்டும்.

வேளச்சேரி டெவலப்பர்

ஒப்பீட்டை ஒப்புக்கொள்கிறேன் அம்மா, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் `float` போட்டது எழுதியவரின் தவறு, தசமப் புள்ளியின் தவறு அல்ல.

பாடி உதிரிபாகம்

எனக்கு ஒரு சந்தேகம். எங்களிடம் ஆயிரம் ரிவெட் 285 ரூபாய். ஒன்றின் விலை 28 பைசாவா, 29 பைசாவா? பைசாவுக்கு மாறினால் அரைப் பைசாவை எங்கே வைப்பது?

கிண்டி கணக்கர்

ஒன்றின் விலையை எங்கும் வைக்காதீர்கள். ஆயிரத்துக்கு 28,500 பைசா என்று வைத்துக்கொண்டு, வாங்கிய எண்ணிக்கையால் முதலில் பெருக்கி, ஆயிரத்தால் கடைசியில் வகுத்து, மிச்சம் 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரு பைசா கூட்டுங்கள். 350 ரிவெட்டுக்கு 99 ரூபாய் 75 பைசா சுத்தமாக வரும். ஒன்றின் விலையை 29 பைசா என்று வைத்திருந்தால் 101.50 வாங்கியிருப்பீர்கள்.

மண்ணடி நிரலர்

முழு எண்ணுக்கு மாறியும் தீராத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரே பில்லில் 10.50 ரூபாய்க்கு மூன்று வரிசை. மத்திய ஜிஎஸ்டி ஒன்பது சதவீதம். வரிசைக்கு வரிசை கணக்கிட்டால் 94.5 பைசா 95 ஆகி, மூன்றுக்கும் 2.85. மொத்தம் 31.50-க்கு ஒரே முறை கணக்கிட்டால் 2.84. எங்கள் மென்பொருள் வரிசைக்கு வரிசை போடுகிறது, எங்களிடம் வாங்கும் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் மொத்தத்தில் போடுகிறது, அதனால் ஒரு பைசா பொருந்தவில்லை என்று பில்கள் திரும்பி வருகின்றன.

தி.நகர் ஆடிட்டர் அலுவலகம்

எங்களிடம் வரும் கணக்குகளில் இரண்டு முறையும் உண்டு. வரிசைக்கு வரிசை போடுவதே நல்லது என்பேன்; பின்னால் ஒரு பொருளை மட்டும் திருப்பி எடுத்தால் அதன் வரி அப்படியே கையில் இருக்கும்.

கிண்டி கணக்கர்

நான் மொத்தத்தில்தான் போடுகிறேன். நூறு வரிசை உள்ள பில்லில் வரிசைக்கு அரைப் பைசா கூடினால் ஐம்பது பைசா ஆகிறதே. திரும்பி வரும் பொருளுக்குக் கையால் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான்.

மண்ணடி நிரலர்

அந்தத் தொழிற்சாலை ஒன்றுக்கு மட்டும் மொத்தத்தில் போடும்படி வாடிக்கையாளர் அட்டையில் ஒரு தேர்வை வைத்துப் பார்க்கப் போகிறேன். திரும்பி வரும் பொருளுக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.