71ஆவது ரெஸ்யூமுக்கு நான் எழுதிய காரணம்

எச்ஆர் இன்டர்ன், இரண்டாவது மாதம்
நடந்து ஒரு வாரம் ஆகிறது, மனசு ஆறவில்லை. கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு 140 ரெஸ்யூம். தகுதிகள் நான்கும் முன்கூட்டியே பேசி முடிவானவை: வணிகவியல் பட்டம், மொத்தம் 24 மாத அனுபவம், எக்செல், பேங்க் ரீகன்சிலியேஷன் செய்த பழக்கம். இரண்டு நாளில் முடித்தேன், நிராகரிப்பு மெயிலும் போய்விட்டது. பிறகு ஷீட்டை எதற்கோ வரிசை மாற்றியபோது 12உம் 71உம் அடுத்தடுத்து வந்து நின்றன. இரண்டு பேருக்கும் நடுவில் வேலையில்லாத இடைவெளி உண்டு. 12ஐத் தேர்வு செய்திருக்கிறேன். 71க்கு நேராக என் கையால், "1 வருஷம்தான், தொடர்ச்சி இல்லை."

ரெஸ்யூமைத் திறந்து பார்த்தேன். முதல் வேலை 19 மாதம், 14 மாத இடைவெளி, அடுத்த வேலை 12 மாதம். கூட்டினால் 31. மேலே இருந்த கடைசி வேலையை மட்டும் படித்துவிட்டுத் தள்ளியிருக்கிறேன். "தொடர்ச்சி" என்ற தகுதியை யாருமே எனக்குக் கொடுக்கவில்லை.

12 வருஷமா ஆள் எடுக்கிற வேலையில்
தம்பி, இது களைப்பு மட்டும் இல்லை. ஒவ்வொரு ஆளாகப் படிக்கும்போது மொத்தமாக ஒரு அபிப்பிராயம் வந்துவிடும், அப்புறம் அதற்குக் காரணம் தேடுவோம். நான் ஆள் வாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு தகுதியை எடுத்து 140 பேருக்கும் அதை மட்டும் பார்ப்பேன், மற்ற பத்திகளை மறைத்துவிடுவேன். அனுபவப் பத்தியில் "உண்டு", "இல்லை" என்று போட மாட்டேன், 19+12=31 என்று கணக்கையே எழுதுவேன். நிராகரிக்கும் காரணத்துக்கு, நான்கு தகுதிகளில் எது இல்லை என்ற வரிசை எண் மட்டும்தான். எண் போட முடியவில்லை என்றால் அந்தக் காரணம் நம்முடைய சொந்த எண்ணம். கடைசியில் முதல் 15 ரெஸ்யூமைப் பழைய முடிவைப் பார்க்காமல் மறுபடி போடுவேன். இரண்டு மூன்று மாறினாலே நடுவில் அளவுகோல் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எக்செல்தான் இன்னும் சிக்கல். எல்லோருமே "எக்செல் தெரியும்" என்று எழுதுகிறார்கள். எதை வைத்து நம்புவது என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். எக்செல்லில் என்ன வேலை செய்தார் என்று ஒரு வரியாவது இருந்தால்தான் எங்களிடம் கணக்கு.

ஆட்சேர்ப்பு உதவியாளர்
இவ்வளவு தேவையே இல்லை. பெயர், போட்டோ, கல்லூரி மூன்றையும் மறைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பாரபட்சம் தானாகப் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

முன்னாள் இன்டர்ன்
மறைப்பது நல்லதுதான், ஆனால் மேலே இருக்கிற கதையைப் படித்தீர்களா? 71ஐத் தள்ளியது பெயரோ போட்டோவோ இல்லை, இடைவெளி. அது தேதிகளில் இருக்கிறது. தேதியை மறைத்தால் 24 மாதத்தை எப்படி எண்ணுவது? எங்களிடமும் மறைத்துத்தான் கொடுத்தார்கள், பெயர் மெயில் முகவரியில் அப்படியே இருந்தது.

என்னை உறுத்துவது வேறு. 90 ரெஸ்யூம் முடித்த பிறகு மேனேஜர் வந்து, "ஆடிட் அனுபவமும் இருந்தால் நல்லது" என்றார். மீதி 50 பேருக்கு மட்டும் அதையும் பார்த்தேன். முதல் 90இல் தேர்வானவர்களில் பலருக்கு அது கிடையாது. பின்னால் வந்த 50 பேருக்கு வாசற்படி உயரம் வேறு. முதல் 90ஐயும் மறுபடி பார்க்கவா என்றதற்கு மேனேஜர் "நேரமில்லை, விடு" என்றார், நானும் விட்டுவிட்டேன். புதுத் தகுதி சேர்ந்தால் எல்லோருக்கும் சேர வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் சேரக் கூடாது. அதை அன்றே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலை தேடுகிறேன்
எனக்கும் இதே மாதிரி நிராகரிப்பு மெயில்தான் வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் 10 மாதம் வீட்டில் இருந்தேன். அதனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன்: ரெஸ்யூமில் வருஷத்தை மட்டும் எழுதாதீர்கள், மாதத்தையும் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எத்தனை மாதம் என்று போடுங்கள், முதல் பக்கத்தின் மேலேயே மொத்தத்தையும் போடுங்கள். இடைவெளிக்கு ஒரு வரி போதும், நீளமாக விளக்க வேண்டாம். நான் மாற்றி எழுதியபின் இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள்.

எச்ஆர் இன்டர்ன், இரண்டாவது மாதம்
அக்கா சொன்ன மாதிரி அனுபவப் பத்தியை மட்டும் 140 பேருக்கும் மறுபடி எண்ணினேன். தவறாகத் தள்ளியவர்கள் 71ஐயும் சேர்த்து ஐந்து பேர், ஐவருமே வரிசையில் 60ஆவது ரெஸ்யூமுக்குப் பிறகு வந்தவர்கள். மேனேஜரிடம் ஷீட்டோடு போய்ச் சொன்னேன், ஐந்து பேருக்கும் திரும்ப மெயில் அனுப்பச் சம்மதித்தார். நான்கு பேர் பதில் போட்டுவிட்டார்கள். 71இடமிருந்து இன்னும் வரவில்லை, இன்று காலையும் பார்த்தேன்.

ஒன்றுதான் புரியவில்லை. 103ஆவது நபர் ஒரே 12 மாதத்தில் இரண்டு இடத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்திருக்கிறார். அது 12 மாதமா, 24ஆ? மேனேஜர் 12 என்கிறார், கணக்குப் பிரிவுத் தலைவர் 24 என்கிறார். எண்ணும் விதியை நாங்கள் எழுதி வைக்கவே இல்லை.

12 வருஷமா ஆள் எடுக்கிற வேலையில்
நான் 12 என்றுதான் எண்ணுவேன். ஆனால் இருவரும் ஒரே விதிக்கு வரும்வரை அவருக்கு அடுத்த மெயில் எதுவும் போகக் கூடாது. அதே நிலையில் வேறு யாராவது ஏற்கனவே தேர்வாகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.