"கசிவால்" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்

எண்ணூர்க்காரி: எம்.ஏ. ஆய்வேட்டின் முதல் டிராஃப்ட் போன வாரம் திரும்பி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் கழிமுகத்தில் படிந்ததே, அதன் பிறகு மீனவர் வருமானம் என்ன ஆனது என்பதுதான் தலைப்பு. மேலே ஒரு தாளைப் பின் செய்திருந்தார் கைடு மேடம். "இதை இப்படியே சமர்ப்பிக்க முடியாது. நீ சேகரித்தது நல்ல தரவு. எழுதியதுதான் அதைத் தாண்டிப் பேசுகிறது" என்று ஆரம்பம்.

42 மீனவர்களிடம் பேட்டி எடுத்து, நான்காம் இயலில் "எண்ணெய்க் கசிவால் வருமானம் பாதியானது" என்று எழுதியிருந்தேன். "கசிவால்" என்பதைச் சுற்றி வட்டம். ஓரத்தில்: "பேட்டி எடுத்தது மே மாதம். விசைப்படகுக்குத் தடைக்காலம், சிறுபடகு மீனுக்கு விலை ஏறும் நேரம். ஒப்பிடுவது நவம்பரோடு. கசிவு, வெள்ளம், சீசன் மூன்றையும் எப்படிப் பிரிப்பாய்?"

கீழே இன்னொன்று: "வலை வீணானதை 17 பேர் விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பின்னிணைப்பில் போட்டிருக்கிறாய். அதுதான் உன் ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் அதை மட்டும் மூன்று பக்கம் எழுதி வா. மற்றதைத் தொடாதே."

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராயபுரம் தம்பி: மொத்தம் எத்தனை பேர், 42ஆ? பத்தாதுக்கா. 300 பேராவது வேண்டும்.

வண்ணை ஆசிரியர்: தம்பி, 300 பேரிடமும் மே மாதமே கேட்டால் அதே குழப்பம்தான் பெரிதாகும். ஆனால் "பாதியானது" என்று ஊருக்கே சொல்ல 42 போதாது, அது சரி.

நானும் திருத்துகிறவன். முன்பு ஒற்றுப்பிழை வரை சிவப்பு மையில் போடுவேன். ஒரு பையன் பிழை அத்தனையும் திருத்திவிட்டு, ஆய்வுக் கேள்வியே இல்லாத முதல் இயலை அப்படியே கொண்டுவந்தான். எது பெரிது என்று நான் சொல்லவே இல்லையே! இப்போது முழுதும் படித்த பிறகுதான் மேல் தாள் எழுதுகிறேன். மூன்று விஷயத்துக்கு மேல் போவதில்லை. தூக்கப்போகிற பகுதியில் பிழை திருத்துவதில்லை. பாராட்டுவதானால் பக்க எண்ணோடு, அந்த மேடம் 17 பேரைக் காட்டியது மாதிரி.

கொருக்குப்பேட்டை மீனா: என் ஆய்வேட்டை மென்பொருளில் சோதித்ததில், மற்றவர்கள் எழுதியதோடு ஒப்புமை 28 சதவீதம் வந்தது. கைடு "குறை" என்று ஒரே வார்த்தை எழுதினார். எதைக் குறைப்பது?

வண்ணை ஆசிரியர்: இது வேறு விஷயம்மா. எந்தப் பக்கத்தில் ஒப்புமை அதிகம் என்று அறிக்கையிலேயே நிறம் போட்டுக் காட்டும். அதை எடுத்துப் போய் அவரிடமே கேளுங்கள்.

எண்ணூர்க்காரி: சார், ஒரு சந்தேகம். இறால் வாங்கும் அக்கா நோட்டில் தினக்கணக்கு இருக்கிறது. 2023 மே, 2024 மே இரண்டும். ஒப்பீட்டை வைத்துக்கொள்ளலாமா?

வண்ணை ஆசிரியர்: சீசன் பிரச்சினை தீரும். வெள்ளமும் கசிவும் அப்போதும் பிரியாது. நோட்டில் எத்தனை பேர் கணக்கு?

எண்ணூர்க்காரி: ஆறு பேர்.

வண்ணை ஆசிரியர்: அதை அப்படியே மேடத்திடம் காட்டுங்கள். எனக்கே முடிவு சொல்லத் தெரியவில்லை.