புதுப்பிப்பு: ஸ்பேமில் விழுந்த இன்வாய்ஸ் மடல்கள்

முன்பு நான் கேட்டது: “எங்கள் டொமைனிலிருந்து போகும் இன்வாய்ஸ்கள் மட்டும் ஏன் ஸ்பேமில் விழுகின்றன, சில ஏன் திரும்பி வருகின்றன?”

சர்வர் நிர்வாகியான நண்பர் சொன்னபடி மடலோடு வரும் ஹெடர் விவரங்களைத் திறந்தபோது `spf=permerror`, `dkim=fail` என இரண்டும் இருந்தன. பில்லிங் சேவையை இணைத்தவர் எந்தச் சர்வர்கள் எங்கள் பெயரில் மடல் அனுப்பலாம் என்று டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சொல்லும் பழைய எஸ்பிஎஃப் பதிவோடு இன்னொன்றையும் சேர்த்திருந்தார். ஒரு டொமைனில் இரண்டு இருந்தால், பெறும் சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காமல் பிழை என்றே முடிவு செய்யும். இரண்டையும் ஒன்றாக்கினோம்:

```
v=spf1 include:_spf.google.com include:spf.billing.example ~all
```

எங்கள் அலுவலக மடல்கள் இதுவரை தப்பியது, மடல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகேஐஎம் எனும் டிஜிட்டல் கையொப்பத்தால்தான். பில்லிங் சேவையின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் 2048 பிட் பொது விசையோ டிஎன்எஸ்ஸில் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, ஏனெனில் ஒரு சரத்தில் 255 எழுத்துகளுக்கு மேல் ஏறாது. துண்டுகளாகப் பிரித்து இட்டதும் கையொப்பம் தேறியது.

“எஸ்பிஎஃப் சரியானால் போதும்” என்றார் கணக்காளர். அது பாதி உண்மை: மடலை வேறொரு சர்வர் வழிமாற்றி அனுப்பினால், அனுப்பும் ஐபி மாறி எஸ்பிஎஃப் தோற்கும், உள்ளடக்கம் மாறாதவரை கையொப்பம் நிற்கும். தன் விளம்பர மடல்களும் இதனால்தான் ஸ்பேமுக்குப் போகின்றனவா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். கேட்காதவர்களுக்கு அனுப்புவது வேறு கதை.

திரும்பி வருவது நின்றுவிட்டது. ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும், இரண்டும் `pass` காட்டியும், மடல் இன்னும் ஸ்பேமில்தான் விழுகிறது.