புதுப்பிப்பு: காட்பாடி வீட்டு வாசல் கதவு

இங்கே முன்பு நான் கேட்டது: “மேற்கு பார்த்த தேக்குக் கதவு. வெளிப்பக்க மெலமைன் பாலிஷ் செதில் செதிலாக உரிகிறது. அதன் மேலேயே பாலியூரித்தேன் எனும் பி.யு. பூச்சு அடிக்கலாமா?”

அடிக்கவில்லை. பாலிஷ் மேஸ்திரி வந்து நகத்தால் சுரண்டினார். படலம் அப்படியே கழன்று வந்தது. “இது உள்கதவுக்குத்தான் சார். வெயிலில் மரம் விரியும், சுருங்கும்; இது வளையாது, வெடிக்கும்” என்றார்.

மரத்துக்கு எண்ணெய் பூசினால் போதும் என்று இங்கே ஒருவர் சொன்னது பாதி சரி. வெறும் மரத்தில் ஊறும், பழைய படலத்தின் மேல் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

முதலில் 120 எண் உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்து, தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். நிறம் கருக்காமல் முத்தாக நின்ற இடங்களில் மெலமைன் பாக்கி இருந்தது. அங்கே மறுபடி தேய்த்து, காயவிட்டு, 180, 220 என்று ரேகை வாக்கில் முடித்தோம். தேக்கின் எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்த பிறகே மரத்துளைகளை அடைக்கும் சீலர். அப்புறம் வெளிப்புறத்துக்கான பி.யு. இரண்டு கை, நடுவில் 320. கதவைக் கழற்றி அடிவிளிம்புக்கும் பூசினோம். மழைநீர் ஏறுவது அங்கேதான்.

உள்பக்க மெலமைன் நன்றாக இருப்பதால் தொடவில்லை. இரு பக்கமும் வேறு பூச்சு என்றால் கதவு வளையுமா? மேஸ்திரி இல்லை என்கிறார், தச்சர் தலையாட்ட மறுக்கிறார்.