பெயரை மாற்றினார், ஆர்மோனியத்தை அப்படியே விட்டுவிட்டார்

அஸ்தம்பட்டிக்காரன்:
ஏற்காட்டுப் பக்கத்துச் சின்னச் சபை ஒன்றில் ஒன்றரை வருடம் தங்கி ஒருவர் எழுதிய இனவரைவியல் புத்தகத்தைப் படித்தேன். எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறார், சபையின் பெயர்கூட இல்லை. அப்புறமும் "எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார்" என்று அந்தச் சபைக்காரர்கள் குதிக்கிறார்கள். வீண் கூச்சல். பெயரை மாற்றினால் போதாதா?

மிளகுக்கொடி:
போதாது. ஐந்தாம் அத்தியாயத்தில் கட்டட நிதிக் கணக்கு இடிக்கிறது என்று சொல்பவருக்கு எஸ்தர் என்று பெயர் வைத்திருக்கிறார். சரி. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் அதே எஸ்தர் "ஆர்மோனியம் வாசிக்கும் விதவை". சபையில் இருப்பது 31 குடும்பம். பெரியவர்களான பெண்கள் நாற்பது சொச்சம், அதில் விதவைகள் நான்கு பேர். ஆர்மோனியம் ஒன்று, அதை வாசிக்கிறவரும் ஒருவர். பெயர் எதற்கு? என் அத்தை அங்கேதான் போகிறார். புத்தகம் வந்து சேர்ந்த ஞாயிறன்று, ஆராதனை முடிந்து கொடுத்த டீ ஆறுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சபைப் பொருளாளர் அந்த அம்மாவின் கொழுந்தனார். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். இப்போது அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்தால் அவர்கள் வீட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஆர்மோனியம் எல்லாச் சபையிலும் இருக்கிறது ஐயா. சேலத்தில் மட்டும் எத்தனை இருக்கும்! அதை வைத்து ஒருவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

கீபோர்டு_தாஸ்:
எந்தச் சபையில் இன்னும் ஆர்மோனியம்? இருபது வருடமாக நான் சபைகளில் வாசிக்கிறேன், எல்லாம் கீபோர்டுதான். அந்தப் புத்தகமே தப்பு.

மிளகுக்கொடி:
கீபோர்டு பேச்சை விடுங்கள் அண்ணே. அஸ்தம்பட்டி, சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவனுக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்குச் சென்னைக்காரனால் என்ன ஆபத்து? பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவரால்தான் ஆபத்து. அவர் அந்தச் சபைக்குள் மட்டும் தேடினால் போதும். சபைக்கு ஒரே போதகர் என்பதால் அவரை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அவரைப் பிடித்தால் கமிட்டி, கமிட்டியைப் பிடித்தால் பொருளாளர், அப்புறம் அண்ணி. போதாததற்கு அந்த அம்மா பேச்சுக்குப் பேச்சு சொல்லும் "கர்த்தர் கணக்குப் பார்ப்பார்" என்பதை அப்படியே மேற்கோளாகப் போட்டிருக்கிறார். என் அத்தை அந்த வரியைப் படித்ததும் அந்த அம்மாவின் குரலே கேட்டது என்றார்.

ஒண்டிக்கடை:
ஒரு விஷயத்தை மறக்கிறீர்கள். சம்மதப் படிவத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியதாக முன்னுரையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுத்திருக்கிறது. தெரிந்துதானே பேசினார்?

மிளகுக்கொடி:
கையெழுத்து வாங்கியது முதல் மாதத்தில். கணக்கைப் பற்றி அவர் வாய் திறந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து. எந்த வாக்கியம் அச்சாகும் என்று தெரியாமல் போட்ட கையெழுத்து அது. படிவத்தில் இருந்தது "வெளியாருக்கு உங்கள் அடையாளம் தெரியாது" என்ற உறுதி. உள்ளே இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சுக்குப் போகும் முன் அந்த இரண்டு பக்கத்தையாவது அவரிடம் வாசித்துக் காட்டியிருக்க வேண்டாமா?

ஒண்டிக்கடை:
வாசித்துக் காட்டினால் "எல்லாவற்றையும் எடுத்துவிடு" என்பார். அப்புறம் புத்தகம் எங்கே? ஆராய்ச்சிக்காரர் தாளோடு ஒரு வீட்டுக்குள் மட்டும் போனாலே ஊர் பார்க்கும், தெரியுமா?

மிளகுக்கொடி:
அது நியாயமான கேள்வி. எல்லார் வீட்டுக்கும் அவரவர் பகுதியோடு போயிருந்தால் ஒரு வீடு தனியாகத் தெரியாது. ஆறு வாரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

கொண்டைஊசி20:
எங்கள் கதை வேறு. எங்கள் சபையின் நூற்றாண்டு மலரில் கல் சுமந்து சுவர் எழுப்பிய என் தாத்தா பெயரையே விட்டுவிட்டார்கள். இங்கே என்னவென்றால் பெயரே வேண்டாம் என்கிறீர்கள். பெயர் போடச் சொல்லி எத்தனை கடிதம் எழுதினோம்!

அஸ்தம்பட்டிக்காரன்:
தாத்தாவை அப்புறம் பார்க்கலாம். மிளகுக்கொடி, கடைசிவரை சொல்வேன், ஆர்மோனியம் எல்லாச் சபையிலும் இருக்கிறது. சரி, எழுதாமல் விட்டிருந்தால்? அந்த அம்மாவுக்குக் கணக்கு எப்படித் தெரிந்தது என்று வாசகன் கேட்க மாட்டானா? ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வெளியே போய்விடுகிறார்கள். ஆர்மோனியத்தின் துருத்தியை மடக்கி, பெட்டியில் வைத்து, துணி போர்த்துவதற்கு இவர் மட்டும் உள்ளே நிற்கிறார். பக்கத்து அறையில் காணிக்கை எண்ணுகிற சத்தம் காதில் விழுகிறது. அந்த ஆர்மோனியம் இல்லாவிட்டால் சாட்சியே இல்லை!

மிளகுக்கொடி:
இதுதான் முழுத் தகராறும். ஆர்மோனியம் ஆதாரம், அதுவே அடையாளமும். இந்த இடத்தில்தான் எழுதுகிறவர் உழைக்க வேண்டும். "ஆராதனைக்குப் பின் உள்ளே தங்கி வேலை செய்பவர்களில் சிலர்" என்று எழுதலாம். மெழுகுவர்த்தி அணைப்பவர், பாய் சுருட்டுபவர், பாட்டுப் புத்தகம் அடுக்குபவர் என்று ஏழெட்டுப் பேர் அதற்குள் வருவார்கள். எண்ணும் சத்தம் கேட்டது என்ற ஆதாரமும் கெடாது. இல்லையென்றால் ஐந்தாம் அத்தியாயத்தில் எஸ்தர் என்ற பெயரே வராமல், ஒரு பெயரும் இல்லாமல் விடலாம். இரண்டு அத்தியாயத்தையும் கோத்துக் கொடுத்தது அந்த ஒரே பொய்ப் பெயர்தான்!

1958-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றிப் புத்தகம் வந்தது. ஊருக்கு ஸ்பிரிங்டேல் என்று பொய்ப் பெயர், ஆட்களுக்கும் பொய்ப் பெயர். ஊர்க்காரர்கள் ஜூலை 4 ஊர்வலத்தில் முகமூடி போட்டு, புத்தகம் தங்களுக்கு வைத்த பெயர்களையே எழுதி மாட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் எரு இறைக்கும் வண்டி, அதில் எருவுக்குள் குனிந்தபடி ஆசிரியரின் பொம்மை. யார் யார் என்று ஊருக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அஸ்தம்பட்டிக்காரன்:
வெள்ளைக்காரன் எருவண்டியை இங்கே ஓட்டாதீர்கள். ஒன்று கேட்கிறேன். 31 குடும்பம், கொழுந்தனார், தண்ணீர்க் குழாய் என்று பொதுவெளியில் எழுதினீர்களே, இப்போது அந்த அம்மாவைக் காட்டிக்கொடுத்தது யார்?

மிளகுக்கொடி:
31 உண்மையான எண் இல்லை. உறவு முறையையும் மாற்றித்தான் எழுதினேன். ஆர்மோனியம் ஏற்கனவே அச்சில் இருக்கிறது, அதனால் சொன்னேன்.

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்படியானால் உங்கள் நாற்பது பெண்கள், நான்கு விதவைகள் கணக்கெல்லாம் பொய்! பொய்க் கணக்கை வைத்து அடுத்தவர் புத்தகத்தைக் குறை சொல்கிறீர்கள். போன வருடம் காபி விலைப் பேச்சிலும் இப்படித்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

மிளகுக்கொடி:
காபி விலையில் நான் சொன்னதுதான் நடந்தது. எண்களை மாற்றினாலும் ஒவ்வொரு விவரமாகச் சேரச் சேர ஆள் சுருங்கும் விதம் மாறாது. அதுவரைக்கும் மாற்றலாம், அதற்குமேல் மாற்றினால் பொய். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கும் ஒவ்வொரு தடவையும் சண்டைதான். என் ஆய்வேட்டில் ஒரு மேஸ்திரியின் வேலையை மாற்றப் போய், தோட்டத்துச் சம்பளப் பகுதி முழுவதும் அர்த்தமில்லாமல் போனது. திரும்ப எழுதினேன்.

ஒண்டிக்கடை:
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். எழுதினவரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

மிளகுக்கொடி:
நான் திரும்ப எழுதினேன், அவர் எழுதவில்லை. நன்றிப் பக்கத்தில் தான் தங்கிய வீட்டுக்காரர் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறார். அட்டையில் சபைக் கோபுரத்தின் படம். இதற்கு மேல் எதற்கு மாற்றுப்பெயர்? போன இரண்டு ஞாயிறாக அந்த அம்மா வரவில்லை. ஆர்மோனியம் துணி போர்த்தியபடி இருக்கிறதாம்.

கீபோர்டு_தாஸ்:
அதற்குத்தான் கீபோர்டு வாங்கச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

மிளகுக்கொடி:
தாஸ் அண்ணே, நீங்கள் பேசாமல் இருங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
அவரை ஏன் அதட்டுகிறீர்கள்? மறுபடியும் சொல்கிறேன், ஆர்மோனியம் எல்லாச் சபையிலும் இருக்கிறது.

கொண்டைஊசி20:
என் தாத்தா பெயருக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.